ஷாம்புவை மாற்றுவதற்கு முன் போத்தலைத் திருப்புங்கள்

என் அக்கா கிள்ளானில் இருக்கிறார். பல மாதங்களாகத் தலை அரிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் பிள்ளையின் பள்ளியிலிருந்து பேன் வந்துவிட்டது என்று நினைத்தார். பேன் சீப்பால் வாரிப் பார்த்தும் ஒன்றும் விழவில்லை. அடுத்து பொடுகு என்று முடிவு செய்து, மருந்தகத்தில் பொடுகு ஷாம்பு வாங்கினார். அதுவும் கேட்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று லாவண்டர் எண்ணெய் கலந்த ‘இயற்கை’ ஷாம்புக்கு மாறினார். பிறகு குழந்தைகளுக்கான ஷாம்பு. கடைசியாக, ‘வாசனை சேர்க்கப்படாதது’ என்று முகப்பில் அச்சிட்ட, விலை கூடிய ஒன்று. பழைய போத்தலையும் சேர்த்தால் ஐந்து. அரிப்பு மட்டும் மாறவில்லை.

“தம்பி, எனக்கு எந்த ஷாம்புவும் ஒத்துக்கொள்ளாது. வாசனைதான் காரணம்” என்றார். மல்லிகை வாசனைத் தேங்காய் எண்ணெயையும் சென்ட்டையும் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார். பூ வைப்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

நான் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். ஆனால் ஒரு சோதனை சரியாக நடந்ததா இல்லையா என்று பார்ப்பது என் தொழில். அக்கா செய்தது சோதனை அல்ல. போத்தலை மாற்றினார், போத்தலுக்குள் எது மாறியது, எது மாறவில்லை என்று பார்க்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் இதைத்தான் செய்கிறோம். முகப்பில் உள்ள சொற்களை நம்பி வாங்குகிறோம். பின்பக்கத்தில் உள்ள பட்டியலைப் படிப்பதில்லை. அந்தப் பட்டியலும் படிப்பதற்கு ஏற்றபடி எழுதப்படுவதில்லை. இக்கட்டுரையில் நான் பேச விரும்புவது இந்த இரண்டு குறைகளையும்தான்.

தண்ணீர் ஓடிய வழி

அக்காவை நேரில் பார்த்தபோது முதலில் என் கண்ணில் பட்டது தலை அல்ல, கண் இமை. இரண்டு இமைகளும் லேசாகத் தடித்து, தோல் சுருங்கி உலர்ந்திருந்தன. காதுகளுக்குப் பின்னால் செதில் உதிர்ந்தது. பிடரியில் முடி முடியும் இடத்தில் சிவந்திருந்தது. முடியை வகிர்ந்து பார்த்தால் தலைத்தோலில் சொறிந்த கோடுகள் தவிர பெரிதாக ஒன்றுமில்லை.

ஷாம்பு நுரை ஓடும் வழியை நினைத்துப் பாருங்கள். நெற்றி வழியாக இமைக்கு வரும். பக்கவாட்டில் காதுக்குப் பின்னால் இறங்கும். பின்னால் பிடரி வழியாக ஓடும். தலைத்தோல் தடிப்பானது, எளிதில் கொப்புளிக்காது. இமையின் தோல் மிக மெல்லியது. எனவே ஷாம்புவால் வரும் தொடு ஒவ்வாமையில் தலை வெறுமனே அரிக்க, இமையும் காதும் கழுத்தும் உண்மையைக் காட்டிக்கொடுப்பது வழக்கம். பொடுகு வேறு மாதிரி இருக்கும். அதில் எண்ணெய்ப் பிசுக்கோடு மஞ்சள் நிறச் செதில்கள் தலையிலும் புருவத்திலும் மூக்கின் இருபுறமும் தெரியும்.

இரண்டாவது தடயம், நேரம். அக்கா ஞாயிறு காலை எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிப்பார். அரிப்பு உச்சத்துக்குப் போவது திங்கள் இரவும் செவ்வாயும். அதனால் திங்கட்கிழமை சாப்பாட்டின் மேல் சந்தேகப்பட்டு, கத்தரிக்காயை நிறுத்தியிருந்தார். கத்தரிக்காய் நிரபராதி.

தொடு ஒவ்வாமை உடனே வருவதல்ல. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவருக்குச் சில நிமிடங்களில் தடித்துவிடும். அது இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்களின் வேலை. தொடு ஒவ்வாமையோ டி அணுக்கள் என்னும் வெள்ளையணுக்களின் வேலை. மிகச் சிறிய வேதிமூலக்கூறு ஒன்று தோலுக்குள் நுழைந்து, நம் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தோலில் காவல் காக்கும் அணுக்கள் அந்தக் கலவையை அந்நியப் பொருளாக எண்ணி, அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்க் காட்டுகின்றன. அங்கே அதை நினைவில் வைத்துக்கொள்ளும் டி அணுக்கள் பெருகுகின்றன. அடுத்த முறை அதே மூலக்கூறு தோலைத் தொட்டால் இவை அங்கே திரண்டு வர ஒரு நாள் முதல் மூன்று நாள்வரை ஆகும். அரிப்பு அப்போதுதான் வரும். இந்த நினைவு பல ஆண்டுகள் பழகிய பிறகுகூட உண்டாகலாம். “பத்து வருடமாக இதைத்தானே போடுகிறேன்” என்பது அந்த ஷாம்பு குற்றமற்றது என்பதற்குச் சான்றாகாது.

ஆறு போத்தல்கள்

அக்கா வீட்டுச் சமையலறை மேசையில் ஐந்து போத்தல்களையும் வரிசையாக வைத்தோம். ஆறாவதாக ஒன்று வேண்டும் என்றேன். அரிப்பைத் தராத ஒன்று. பள்ளி விடுமுறையில் சித்தியவானில் மாமியார் வீட்டில் பத்து நாள் இருந்தபோது இமை வீக்கம் வடிந்திருந்ததை அக்கா நினைவுகூர்ந்தார். அங்கே மாமியாரின் ஷாம்புவைத்தான் பயன்படுத்தினாராம். அந்தப் போத்தலின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம்.

கைப்பேசியில் பெரிதாக்கினால்தான் எழுத்து தெரிந்தது. ஒரு போத்தலில் இறக்குமதியாளர் ஒட்டிய தாள் பட்டியலின் பாதியை மறைத்திருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தோம். பிறகு ஒரு தாளில் கட்டம் போட்டு, இடப்பக்கம் பொருள்களின் பெயர், மேலே போத்தல் எண் என்று நிரப்பினோம்.

பட்டியலில் முதலில் வருவது தண்ணீர். அடுத்து நுரை தரும் பொருள்கள். அளவு அதிகமுள்ளது முன்னால் வரும். ஒரு விழுக்காட்டுக்குக் குறைவானவை கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். நாம் தேடும் ஆட்கள் அந்தக் கடைசி வரிகளில்தான் இருப்பார்கள். வாசனை ‘பர்ஃபம்’ அல்லது ‘ஃபிராக்ரன்ஸ்’ என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும். பதனப்பொருள் மட்டும் தன் முழுப் பெயரோடு நிற்கும்.

பதனப்பொருள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஷாம்புவில் பெரும்பகுதி தண்ணீர். அது சூடும் ஈரமும் உள்ள நம் குளியலறையில் மாதக்கணக்கில் திறந்து மூடப்படுகிறது. பதனப்பொருள் இல்லாவிட்டால் அது பாக்டீரியா வளர்க்கும் போத்தலாகிவிடும். எனவே ‘பதனப்பொருளே வேண்டாம்’ என்பதல்ல என் வாதம். எந்தப் பதனப்பொருள் என்பதுதான் கேள்வி.

கட்டம் நிரம்பியதும் விடை ஓரளவு தெரிந்தது. அரிப்பு தந்ததாக அக்கா சொன்ன ஐந்தில் நான்கில் மெத்தில்ஐசோதயசோலினோன் இருந்தது. ‘மெத்தில்’ என்று தொடங்கி ‘ஐசோதயசோலினோன்’ என்று முடியும் நீண்ட பெயர் அது. அதன் முன் ‘குளோரோ’ சேர்ந்த அண்ணனும் பக்கத்திலேயே இருந்தது. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே கலக்கப்படுகின்றன. மாமியாரின் போத்தலில் இரண்டும் இல்லை. சோடியம் பென்சோயேட் இருந்தது.

வாசனை? மாமியாரின் போத்தலில் ‘பர்ஃபம்’ இருந்தது. ஆனால் அரிப்பு வரவில்லை. ‘வாசனை சேர்க்கப்படாத’ விலையுயர்ந்த போத்தலில் அது இல்லை, ஆனால் அரித்தது. அந்தப் போத்தலின் கடைசி வரியில் ஐசோதயசோலினோன் இருந்தது. அக்கா வாசனையை விலக்கி, உண்மையான குற்றவாளியை அதிக விலை கொடுத்து வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்.

ஐந்தாவது போத்தல்தான் எங்களைக் குழப்பியது. குழந்தை ஷாம்புவில் ஐசோதயசோலினோன் இல்லை. ஆனால் அதுவும் அரித்ததாக அக்கா சொன்னார். எத்தனை நாள் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டேன். “ஒரு வாரம்தான். கேட்கவில்லை, தூக்கிப் போட்டுவிட்டேன்.” இதுதான் பலரும் செய்யும் தவறு. கிளர்ந்துவிட்ட தோல் அடங்கப் பல வாரங்கள் பிடிக்கும். முதல் வாரத்தில் வரும் அரிப்பு முந்தைய ஷாம்புவின் மிச்சம். வாரத்துக்கு ஒரு ஷாம்பு மாற்றுபவர் ஒவ்வொரு முறையும் பழையதன் குற்றத்தைப் புதியதன் மேல் சுமத்துகிறார்.

நான்கு வாரச் சோதனை

கட்டம் சந்தேகத்தைத்தான் தரும், தீர்ப்பைத் தராது. அடுத்து செய்தது இதுதான். மாமியாரின் அதே ஷாம்பு, நான்கு வாரம். தலையில் வேறு எதுவும் இல்லை: கண்டிஷனர், சீரம், வாசனை எண்ணெய், முடிச்சாயம் எல்லாம் ஓரமாக வைக்கப்பட்டன. தினமும் இரவு அரிப்புக்குப் பூஜ்யம் முதல் பத்துவரை ஒரு மதிப்பெண்ணை நாட்காட்டியில் எழுத வேண்டும். கணவரும் பிள்ளையும் பழைய ஷாம்புவைப் பயன்படுத்தக்கூடாது. ஒரே தலையணை, ஒரே துண்டு, ஒரே கை என்று ஒருவர் போடுவது இன்னொருவர் தோலுக்குப் போகும்.

முதல் வாரம் ஏழு, எட்டு. இரண்டாம் வாரம் நான்கு. மூன்றாம் வாரத் தொடக்கத்தில் இரண்டு. பிறகு திடீரென்று ஒன்பது! இமை இரண்டும் வீங்கிவிட்டன. “பார்த்தாயா, இதுவும் ஒத்துக்கொள்ளவில்லை” என்று அக்கா அழாத குறையாகத் தொலைபேசியில் பேசினார்.

நாட்காட்டியில் அதற்கு இரண்டு நாளுக்கு முன் என்ன நடந்தது என்று கேட்டேன். வரவேற்பறைச் சுவருக்குச் சாயம் அடித்திருந்தார்கள். தண்ணீரில் கரையும் சுவர்ச் சாயத்திலும் கெட்டுப்போகாமலிருக்க இதே ஐசோதயசோலினோன் வகைப் பொருள்கள் சேர்க்கப்படுவதுண்டு. சாயம் உலரும்போது அது காற்றிலும் கலக்கிறது. ஒவ்வாமை உள்ளவர் சாயத்தைத் தொடவே வேண்டாம். அந்த அறையில் இருந்தாலே முகமும் இமையும் வீங்கலாம். ஷாம்புவை மட்டும் முறைத்துக்கொண்டிருந்தால் இது புரிந்திருக்காது. பாத்திரம் கழுவும் திரவம், துணி துவைக்கும் திரவம் ஆகியவற்றிலும் இதே பெயரைத் தேட வேண்டும்.

அக்கா சில நாள் தோழி வீட்டில் தங்கினார். ஷாம்பு அதேதான். மதிப்பெண் மீண்டும் இறங்கியது.

முதுகில் எழுதும் தீர்ப்பு

இந்த நாட்காட்டியையும் கட்டத்தையும் எடுத்துக்கொண்டு அக்கா சுகாதாரக் கிளினிக்கிற்குப் போனார். அங்கிருந்து அரசாங்க மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் கிடைத்தது. காத்திருந்து போனபிறகு செய்தது ஒட்டுச் சோதனை. சந்தேகப் பொருள்களைச் சரியான அளவுக்கு நீர்த்து, சிறு சிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். இரண்டு நாள் அப்படியே இருக்க வேண்டும். எடுத்தபின் ஒருமுறையும், நான்காம் நாள் வாக்கில் மறுமுறையும் பார்ப்பார்கள். இரண்டாம் பார்வையைத் தவறவிடக்கூடாது. சில பொருள்கள் அதற்குப் பிறகே தெரியும். அந்த நாள்களில் முதுகை நனைக்கக்கூடாது, வியர்க்க வேலை செய்யக்கூடாது. நம் வெயிலில் இது எளிதல்ல. முதுகில் ஸ்டீராய்டு களிம்பு பூசியிருந்தாலோ, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்ல வேண்டும், முடிவு பொய்யாகிவிடும்.

அக்காவின் முதுகில் இரண்டாம் நாள் மங்கலாகச் சிவந்த ஓர் இடம், நான்காம் நாள் தடித்துச் சிறு கொப்புளங்களோடு நின்றது. அது ஐசோதயசோலினோன். வாசனைக் கலவைகள் வைத்த இடங்களில் எதுவும் இல்லை.

வீட்டிலேயே ஷாம்புவைக் கையில் பூசிக் கட்டிவைத்துப் பார்க்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். நுரை தரும் பொருள் மூடிவைத்தால் யாருடைய தோலையும் எரிக்கும். அது ஒவ்வாமை அல்ல, வெறும் எரிச்சல். கழுவாமல் விடும் பொருள்களை, அதாவது சீரம், எண்ணெய் போன்றவற்றை மட்டும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சிறு இடத்தில் நாளுக்கு இருமுறை, ஒன்றிரண்டு வாரம் பூசிப் பார்க்கலாம். சிவந்து அரித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். முடிச்சாயத்தை இப்படிச் சோதிக்க வேண்டாம். அதன் ஒவ்வாமை கடுமையானது, மருத்துவரிடம் விடுங்கள். இன்னொன்று: இரத்தப் பரிசோதனை தொடு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்காது. அது தேடுவது எதிர்ப்பொருளை. இங்கே வேலை செய்வது டி அணு. நூற்றுக்கணக்கில் ரிங்கிட் கொடுத்து ‘ஒவ்வாமைப் பட்டியல்’ வாங்கி வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குற்றவாளி வாசனையாக இருந்திருந்தால்?

அக்காவுக்கு ஒரு வகையில் அதிர்ஷ்டம். அவருடைய எதிரிக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயர் போத்தலில் இருந்தது. வாசனையாக இருந்திருந்தால் என் கட்டம் உதவியிருக்காது.

‘பர்ஃபம்’ என்ற ஒரு சொல்லுக்குள் பல பத்துப் பொருள்கள் ஒளிந்திருக்கலாம். கிராம்பில் உள்ள யூஜினால், ரோஜா வாசனையின் ஜெரானியால், பட்டையின் சின்னமால், லாவண்டரின் லினலூல், எலுமிச்சைத் தோலின் லிமோனின். இவை மூக்குக்கு எட்டக் காரணம் இவற்றின் மூலக்கூறுகள் சிறியவை, எளிதில் ஆவியாகின்றன என்பதே. அந்தச் சிறுமைதான் தோலுக்குள் நுழையவும் உதவுகிறது. இயற்கையிலிருந்து எடுத்ததா, ஆலையில் செய்ததா என்பதை டி அணு கேட்பதில்லை. லினலூலும் லிமோனினும் புதிதாக இருக்கும்போது பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தபின்தான் வலுவான ஒவ்வாமைப் பொருள்களாக மாறுகின்றன. ஆகவே பாதி தீர்ந்து, மாதக்கணக்கில் திறந்து கிடந்த போத்தல் புதிய போத்தலைவிட மோசமாக இருக்கலாம். வாசனை தெரியவில்லை என்பதும் பாதுகாப்பல்ல. மூலப்பொருளின் நெடியை மறைக்க வாசனை சேர்த்துவிட்டு ‘நெடியற்றது’ என்று போடுவோரும் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம் குறிப்பிட்ட 26 வாசனைப் பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்று முன்பே கட்டாயமாக்கியது. கழுவிவிடும் பொருளில் 0.01 விழுக்காட்டுக்கு மேலும், கழுவாமல் விடும் பொருளில் 0.001 விழுக்காட்டுக்கு மேலும் இருந்தால் பெயர் வர வேண்டும். 2023இல் அந்தப் பட்டியலை எண்பதுக்கும் மேலாக விரித்தார்கள். நம் கடை அலமாரியில் பாருங்கள்: சில போத்தல்களில் லினலூல், லிமோனின் என்று பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்துப் போத்தலில் ‘பர்ஃபம்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. ஒரே கடையில் ஒருவருக்கு விடை கிடைக்கிறது, இன்னொருவருக்குக் கிடைப்பதில்லை.

பெயரைச் சொல்லுங்கள்

சட்டம் இறுகினால் பலன் உண்டா? மெத்தில்ஐசோதயசோலினோனின் கதையே பதில். 2005இல் ஐரோப்பாவில் அதைத் தனியாக அழகுப்பொருள்களில் சேர்க்க அனுமதி தந்தார்கள். சில ஆண்டுகளிலேயே தோல் மருத்துவர்களிடம் கூட்டம் பெருகியது. அமெரிக்கத் தொடு தோலழற்சிச் சங்கம் 2013இல் அதை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. பிறகு ஐரோப்பாவில் கழுவாமல் விடும் பொருள்களில் அதைத் தடை செய்தார்கள். ஷாம்பு போன்றவற்றில் பத்து லட்சத்தில் 15 பங்கு என்று குறைத்தார்கள். அதன்பின் புதிய நோயாளிகள் குறைந்தார்கள். ஆனால் ஏற்கெனவே ஒவ்வாமை வந்தவரின் நினைவணுக்களை எந்தச் சட்டமும் அழிக்காது. பத்து கிராம் ஷாம்புவில் 0.15 மில்லிகிராம்; சிலருக்கு அதுவே போதும். அவர்களுக்கு வரம்பு உதவாது, பெயர்தான் உதவும்.

நம் நாட்டில் அழகுப்பொருள் விற்க, அதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு எண் இருந்தால் அரசு சோதித்துப் பார்த்து அனுமதித்தது என்று பலர் நினைக்கிறார்கள். 2008 முதல் இது அறிவிக்கும் முறை. பாதுகாப்புக்குப் பொறுப்பு விற்பவருடையது. அப்படியானால் தோலில் போடுபவருக்குக் குறைந்தது முழு விவரமாவது தெரிய வேண்டாமா? நான் கேட்பது மூன்று: ஒவ்வாமை தரும் வாசனைப் பொருள்களின் பெயர் எல்லாப் போத்தல்களிலும் வரட்டும். பட்டியலின் மேல் தாள் ஒட்டுவது நிற்கட்டும். சுவர்ச் சாய வாளியிலும் பதனப்பொருளின் பெயர் தெளிவாக இருக்கட்டும்.

விலை ஏறும், போத்தலில் இடமில்லை என்பார்கள். ஐரோப்பாவுக்கு அனுப்பும் அதே போத்தலில் இடம் இருக்கிறதே!

எங்கள் பங்கும் உண்டு. படிவம் ஐந்து வேதியியலில் சவர்க்காரமும் அழகுப்பொருள்களும் வருகின்றன. மாணவர்கள் சவர்க்காரம் அழுக்கை நீக்கும் விதத்தைப் படம் போட்டு விளக்குவார்கள். வீட்டிலுள்ள ஷாம்புவின் கடைசி வரியைப் படிக்கத் தெரியாது. இவ்வாண்டு ஒவ்வொருவரையும் ஒரு போத்தலின் பட்டியலைப் படம் எடுத்து வரச் சொன்னேன். நுரை தருவது எது, பதனப்பொருள் எது, வாசனை எது என்று வண்ணம் தீட்டினார்கள். ஒரே பாட நேரம்தான் ஆனது.

அக்கா இப்போது போத்தலைத் திருப்பாமல் எதையும் வாங்குவதில்லை. மல்லிகை வாசனைத் தேங்காய் எண்ணெய் மீண்டும் அலமாரிக்கு வந்துவிட்டது. சென்ற வாரம் வீட்டுக்குப் போனபோது தலையில் பூ வைத்திருந்தார்.